லேபிள் தமிழில் வந்துவிட்டது, சரிபார்த்தது யார்?

பூச்சிமருந்துப் புட்டியோடு தரும் மடித்த தாளை விரித்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தியச் சட்டப்படி அதில் இந்தி, ஆங்கிலத்தோடு, விற்கப்படும் பகுதியின் மொழியும் இருக்க வேண்டும். இருக்கவும் செய்கிறது. ஆனால் எழுத்து எள் அளவில் இருக்கும். பல மொழிகளை ஒரே தாளில் அடைத்ததில், எந்தப் பயிருக்கு எத்தனை மில்லி என்ற அட்டவணை படிக்கவே முடியாதபடி சுருங்கிப்போகும். இதற்கு ஒரு தீர்வாக, கடைகளில் உள்ள புட்டிகளையும் பொட்டலங்களையும் செல்போனில் படம் எடுத்து, படத்தில் உள்ள எழுத்தைக் கணினியால் படித்தெடுத்து, மொத்தமாகத் தமிழாக்கி, பெரிய எழுத்தில் பட்டியலாகத் தரும் முயற்சிகள் நடக்கின்றன. நோக்கம் நல்லது. ஆயிரக்கணக்கான லேபிள்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லை என்பதும் உண்மை.

அப்படி வரும் பட்டியலை விரிவாக்கப் பணியாளர் ஊருக்கு ஊர் பகிர்வதற்கு முன்பும், விவசாயி அதைப் பார்த்து டேங்கில் மருந்தை ஊற்றுவதற்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் எத்தனை லேபிளை ஒரு மனிதர் படத்தோடு வைத்துச் சரிபார்த்தார்? அந்த லேபிள்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்? “மாதிரி பார்த்தோம், நன்றாக இருந்தது” என்பது இதற்குப் பதில் ஆகாது.

மண் மாதிரி எடுப்பது நமக்குத் தெரியும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் ஆகியவற்றை விட்டுவிட்டு, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் எடுத்துக் கலக்கி, கால் பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோ அனுப்புகிறோம். அங்கே நமக்குத் தேவை வயலின் சராசரி. லேபிளில் சராசரிக்கு வேலை இல்லை. 99 லேபிள் சரியாக இருந்து ஒன்றில் புள்ளி தவறி, 1.5 மில்லி என்பது 15 மில்லி ஆகிவிட்டால், அந்த ஒன்றைப் பார்த்துத் தெளித்தவருக்கு மற்ற 99 எப்படி இருந்தால் என்ன? ஆகவே லேபிள் மாதிரி என்பது மண் மாதிரி போல அல்ல; விதை மூட்டையில் களை விதை தேடுவது போல. அரிதாக இருப்பதைத் தேடுகிறோம்.

அரிதானதைத் தேடும்போது மாதிரி எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நூற்றுக்கு ஒரு லேபிளில் ஆபத்தான பிழை இருக்கும் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 50 லேபிளைக் குலுக்கி எடுத்துப் பார்த்தால், ஒரு பிழைகூடக் கண்ணில் படாமல் போக 60 சதவீத வாய்ப்பு உண்டு. 100 பார்த்தாலும் 37 சதவீத வாய்ப்பு. 300 பார்த்தால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. இதைத் திருப்பிச் சொன்னால் புள்ளியியலில் எல்லோரும் பயன்படுத்தும் எளிய விதி கிடைக்கும்: பார்த்த மாதிரியில் ஒரு பிழையும் இல்லை என்றால், 3ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுங்கள். மொத்தத் தொகுப்பில் பிழை அந்த அளவுக்கு மேல் இராது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 300இல் பிழை இல்லை என்றால் 1 சதவீதத்துக்கு மேல் இராது. 6,000 லேபிள் உள்ள தொகுப்பில் ஒரு சதவீதம் என்பது 60. அதாவது “300 பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை” என்ற அறிக்கைக்குப் பின்னால் 60 தவறான லேபிள்கள் வரை ஒளிந்திருக்க இடம் இருக்கிறது.

பூச்சியின் பெயரில் எழுத்துப்பிழை என்றால் 60 பரவாயில்லை. மருந்தின் அளவில் என்றால் 60ஐ ஏற்க முடியாது. எனவே மாதிரி எடுப்பதற்கு முன்பே லேபிளை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அளவு, அலகு, பயிர், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள், நஞ்சு ஏறினால் செய்ய வேண்டிய முதலுதவி ஆகிய ஐந்தையும் மாதிரி பார்த்து விடக் கூடாது. ஒவ்வொரு லேபிளிலும் பார்த்தாக வேண்டும். மீதி வரிகளுக்கு மாதிரி போதும்.

ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றையும் பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். அளவுக்கு லேபிளே ஒரு வழி வைத்திருக்கிறது. அட்டவணையில் ஒரு பயிருக்கு நேராக மூன்று எண்கள் இருக்கும்: பூச்சியைக் கொல்லும் வீரியப் பொருள் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிராம், கடையில் வாங்கும் மருந்தாக அது எத்தனை மில்லி அல்லது கிராம், அதைக் கலக்கத் தண்ணீர் எத்தனை லிட்டர். தயமீத்தாக்சம் 25 சதம் குருணையை நெல்லுக்குப் பாருங்கள். வீரியப் பொருள் 25 கிராம், மருந்து 100 கிராம். 100இல் 25 சதம் 25, கணக்கு நேராகிறது. யாராவது 100ஐ 1000 என்று படித்திருந்தால் கணக்கு இடிக்கும். இந்தப் பெருக்கலை எல்லா லேபிளுக்கும் கணினி ஒரு நொடியில் போட்டுவிடும். இடிப்பவற்றை மட்டும் மனிதர் எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

திரவ மருந்துகளில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அது தெரியாமல் சோதனை வைத்தால் நல்ல லேபிள்களும் தவறாகத் தெரியும். இமிடாகுளோபிரிட் 17.8 சதம் எஸ்.எல். மருந்துக்குப் பருத்தியில் வீரியப் பொருள் 20 முதல் 25 கிராம், மருந்து 100 முதல் 125 மில்லி என்று இருக்கும். 100 மில்லியில் 17.8 கிராம்தானே இருக்க வேண்டும், 20 எப்படி வந்தது? 17.8 என்பது எடைக்கு எடைக் கணக்கு. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது; ஒரு லிட்டரில் 200 கிராம் வீரியப் பொருள் இருக்கிறது. குளோரன்ட்ரானிலிபுரோல் 18.5 சதம் எஸ்.சி. மருந்திலும் இதே கதைதான். நெல்லுக்கு 150 மில்லியில் 30 கிராம். ஆகவே திரவ மருந்துகளுக்குக் கணக்குச் சற்று விலகலாம் என்று இடம் கொடுத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு விலகலைப் பிடிக்க வேண்டும். புள்ளி தவறுவது எப்போதும் பத்து மடங்கு, நூறு மடங்கு என்றுதான் தவறும்.

இந்தப் பெருக்கல் பிடிக்காத பிழைகள் இரண்டு. அவைதான் எனக்குக் கவலை தருபவை.

முதலாவது அலகு. அதிகாரபூர்வ லேபிளில் அளவு ஹெக்டேருக்குச் சொல்லப்பட்டிருக்கும். நம் விவசாயி ஏக்கரில் கணக்குப் போடுகிறவர். மொழிபெயர்ப்பில் “ஹெக்டேர்” என்பது “ஏக்கர்” என்று மாறிப்போனால் எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கும். ஆனால் வயலில் விழும் நஞ்சு இரண்டரை மடங்கு ஆகிவிடும். அதனால் தமிழில் “ஏக்கர்” என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடி எடுத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இரண்டாவது, வரிசை நழுவுவது. உருண்டைப் புட்டியின் மேல் ஒட்டிய லேபிளைப் படம் எடுத்தால் ஓரத்தில் வரிகள் வளையும். கணினி படிக்கும்போது ஒரு பயிரின் வரிசையில் இருந்த எண் அடுத்த பயிரின் வரிசைக்கு ஏறிவிடும். மேலே சொன்ன குளோரன்ட்ரானிலிபுரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கு அறுவடைக்கு முன் 3 நாள் விட்டால் போதும். கத்தரிக்கு 22 நாள். நெல்லுக்கு 47 நாள். தக்காளியின் 3 கத்தரியின் வரிசையில் போய் உட்கார்ந்தால், எந்தக் கூட்டல் பெருக்கலும் அதைத் தவறு என்று காட்டாது. மூன்றும் நம்பத்தக்க எண்கள்தான். இதைப் பிடிக்க ஒரே வழி மூலத்தோடு ஒப்பிடுவது. மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் ஒவ்வொரு மருந்துக்கும் எந்தப் பயிரில், எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி என்று அங்கீகரித்த பட்டியலை வெளியிட்டிருக்கின்றன. மருந்தின் பெயர், சதம், பயிர் மூன்றையும் வைத்து அதோடு ஒவ்வொரு வரியையும் பொருத்திப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் உடனே திருத்திவிடக் கூடாது. படம் எடுத்த லேபிளே பழையதாகவோ போலியாகவோ இருக்கலாம். அதைத் தனியாகக் குறித்து வைப்பதுதான் முறை. அப்படிக் குறித்தவை பூச்சிமருந்து ஆய்வாளருக்கு உதவும் தகவலும்கூட.

முதலுதவி வரிகளைப் பொறுத்தவரை வேலை நினைப்பதைவிடச் சிறியது. ஆயிரம் லேபிளில் இருந்தாலும் அவை திரும்பத் திரும்ப வரும் சில பத்து வாக்கியங்களே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மீதியை ஒரு மருத்துவரும் ஒரு தமிழறிந்த வேளாண் பட்டதாரியும் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நாளில் முடியும். பார்க்க வேண்டியது முக்கியமாக “இல்லை”, “கூடாது” என்ற சொற்களை. “வாந்தி எடுக்க வைக்கக் கூடாது” என்பதில் கடைசிச் சொல் வரி முறிந்து விடுபட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. “குறிப்பிட்ட முறிமருந்து இல்லை” என்பது “முறிமருந்து தேவையில்லை” என்று ஆனாலும் அதே கேடுதான்.

இனி மாதிரிக்கு வருவோம். 6,000 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, இதில் வெவ்வேறான லேபிள் எத்தனை என்று பார்ப்பது. ஒரே மருந்தைப் பத்துக் கடைகளில் பத்துப் பேர் படம் எடுத்திருப்பார்கள். ஒரே லேபிளின் படங்களைச் சேர்த்தபின் 2,400 மிஞ்சுகிறது என்று கொள்வோம். அதில் 2,000 படம் தெளிவு; 400 படம் வளைந்தும், வெளிச்சம் பட்டு வெளுத்தும், எழுத்து அழிந்தும் இருக்கின்றன.

மொத்தத்திலிருந்து 300ஐக் குலுக்கி எடுத்தால் மோசமான 400இலிருந்து சுமார் 50தான் வரும். பிழை அதிகம் இருக்கக்கூடிய இடத்தை நாம் மேலோட்டமாகப் பார்த்தவர்கள் ஆவோம். அதனால் இரண்டு குவியலிலும் தனித்தனியாக 150, 150 எடுக்க வேண்டும். எடுப்பது கண்டிப்பாகக் குலுக்கல் முறையில். முதல் 150ஐ எடுப்பது கூடாது. வேலை தொடங்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள், நல்ல படங்களைத்தான் முதலில் போடுவார்கள். மேசையில் வைத்துக் கைக்கு வந்ததை எடுப்பதும் குலுக்கல் ஆகாது. கண் எப்போதும் தெளிவான படத்தையே தேடிப் போகும். நெல் கொள்முதலில் மூட்டையின் வாயில் மட்டும் கையை விட்டுப் பார்ப்பவரை நாம் என்ன சொல்வோம்?

சரி, பார்த்தாயிற்று. தெளிவான 150இல் 1 லேபிளில் பிழை. மோசமான 150இல் 9இல் பிழை. மொத்தம் 300க்கு 10, ஆகவே 3.3 சதவீதம் என்று அறிக்கை எழுதினால் அது தவறு. மோசமான குவியலிலிருந்து நாம் வேண்டுமென்றே கூடுதலாக எடுத்தோம் அல்லவா? ஒவ்வொரு குவியலுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். மோசமான 400இல் 6 சதவீதம் என்றால் 24 லேபிள்; தெளிவான 2,000இல் 150க்கு ஒன்று என்றால் சுமார் 13. மொத்தம் 37, 2,400க்கு சுமார் ஒன்றரை சதவீதம். இது மதிப்பீடுதான், ஏறக்குறைய இருக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. மோசமான 400ஐ மீண்டும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும் அல்லது ஒருவர் முழுவதையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.

பிழை கிடைத்ததும் பலர் செய்வது, கிடைத்த அந்தப் பத்தைத் திருத்திவிட்டு “சரிசெய்யப்பட்டது” என்று எழுதுவது. மீதி 27 அப்படியே இருக்கும். ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர வேண்டும். நெல்லின் குலைநோய்க்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லுக்கு வெடி என்றும் பொருள் உண்டு. மாதிரியில் ஓர் இடத்தில் “நெல் வெடிப்பு” என்று பார்த்தால், அது ஒரு பிழை அல்ல. அந்த நோய் வரும் எல்லா லேபிளிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். துரு நோய், வாடல், கரிப்பூட்டை எல்லாம் இந்த வகை. “தத்துப்பூச்சி” என்று வரும் இடத்தில் நெல்லாக இருந்தால் அது புகையானா பச்சைத் தத்துப்பூச்சியா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஆள் எடுத்த படங்களில் மட்டும் பிழை கூடியிருந்தால் அவர் எடுத்த அனைத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

திருத்தியபின் பழைய 300ஐயே மறுபடி பார்த்து “இப்போது பிழை இல்லை” என்பதிலும் பொருள் இல்லை. அவற்றைத்தான் நாம் திருத்தினோமே! புதிதாகக் குலுக்கி வேறு 300ஐ எடுக்க வேண்டும். எத்தனை பிழைக்கு மேல் வந்தால் தொகுப்பைத் திருப்பி அனுப்புவது என்பதையும் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்தபின் முடிவு செய்தால், “இது சின்னப் பிழைதானே” என்ற பேரம் தொடங்கிவிடும்.

சரிபார்க்கிறவரையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் வரியை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், மங்கிய 3 நமக்கும் 8 ஆகத்தான் தெரியும். தமிழில் 8 என்று படித்துவிட்டோமே. அதனால் படத்தை முதலில் பார்த்து, எண்ணைத் தன் கையால் எழுதி, பிறகுதான் தமிழாக்கத்தைத் திறக்க வேண்டும். அவர் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறார் என்று அறிய, அவருக்குச் சொல்லாமல் 20 லேபிளில் வேண்டுமென்றே பிழை வைத்துக் கலந்து கொடுக்கலாம். 20இல் 16ஐப் பிடித்தார் என்றால், அவர் கண்ணுக்கு ஐந்தில் ஒன்று தப்புகிறது. அவர் தெளிவான குவியலில் ஒன்றும் மோசமானதில் ஒன்பதும் கண்டார் என்றால் உண்மையில் 12 அல்லது 13 இருந்திருக்கலாம். சோதனை முடிந்ததும் வைத்த 20 பிழையையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு: தமிழ் லேபிள் பட்டியல் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதோடு ஒரு பக்கத் தாளையும் கேளுங்கள். வெவ்வேறான லேபிள் எத்தனை, அதில் அளவும் நாளும் முழுவதும் ஒப்பிடப்பட்டதா, மாதிரி எத்தனை, எப்படிக் குலுக்கப்பட்டது, எத்தனை பிழை, திருத்தியபின் இரண்டாம் மாதிரி எடுத்தார்களா என்று அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத பட்டியலை வாட்ஸ்அப்பில் முன்னனுப்பாதீர்கள். எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் சரி.

விவசாயிகளுக்கு: அந்தத் தாள் வரும்வரை பட்டியலைப் புட்டியோடு வைத்துத்தான் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். மருந்தின் பெயருக்கு அருகில் உள்ள சதம், உங்கள் பயிரின் வரிசையில் உள்ள மில்லி, கடைசிக் கட்டத்தில் உள்ள நாள் ஆகிய மூன்றையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அளவு ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்று கடைக்காரரிடமோ உதவி வேளாண் அலுவலரிடமோ கேட்டுவிடுங்கள். முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பட்டியலில் பச்சை என்று போட்டு, கையில் உள்ள புட்டியில் மஞ்சள் இருந்தால், மூடியைத் திறக்காமல் படம் எடுத்து உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அனுப்புங்கள்.